காசிமேட்டுச் சிறுவர் நாடகக் குழுவுக்கு: அந்த வாளை உருவ வேண்டாம்

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். ஆண்டு விழாவுக்கு ஒடிசியஸ் கதையை எடுத்தது நல்ல தேர்வு. படகும் கடலும் பார்த்து வளர்ந்த நம் பசங்களுக்குப் பொருந்தும். ஆனால் ஒத்திகையில் கடைசிக் காட்சி உறுத்தியது. ஒற்றைக்கண் அரக்கன் பாலிபீமஸை ஒடிசியஸ் வாளால் வெட்டிச் சாய்க்கிறான். கைத்தட்டல் கிடைக்கும், சரி. கதை செத்துப்போகும்.

கிரேக்கக் கவி ஹோமரின் மூலக்கதையிலும் அந்த வாள் வருகிறது. ஒடிசியஸும் கூட வந்த ஆட்களும் அரக்கனின் குகையில் மாட்டிக்கொள்கிறார்கள். முதல் இரவே அவர்களில் இரண்டு பேரைத் தின்றுவிட்டு அரக்கன் மல்லாந்து தூங்குகிறான். ஒடிசியஸ் வாளைத் தொடுகிறான், ஈரலில் செருகத் தோன்றுகிறது. உடனே வாசலை நினைத்துக் கையை எடுத்துவிடுகிறான். 22 வண்டி கட்டி இழுத்தாலும் நகராத பாறை அங்கே அடைத்துக் கிடக்கிறது. அதை நகர்த்தக்கூடியவன் அரக்கன் ஒருவன்தான். அவன் செத்தால் எல்லோருக்கும் அந்தக் குகையே சமாதி.

இனி நடப்பதெல்லாம் அந்த ஒரு கணக்கிலிருந்து வருகிறது. அரக்கன் சாகக் கூடாது, கண் மட்டும் போக வேண்டும். அதற்காகக் குகையில் கிடந்த ஒலிவ மரத்தடியைச் சீவி, நெருப்பில் வாட்டி, சாணக்குவியலுக்குள் ஒளித்து வைக்கிறார்கள். காத்திருப்பதற்குள் இன்னும் நான்கு பேர் போய்விடுகிறார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு பொறுப்பதுதான் இந்தக் கதையில் வீரம். அப்புறம் அரக்கனை மயக்கத் திராட்சை மது. ‘என் பேர் யாருமில்லை’ என்ற பொய். கண் போனதும் அரக்கன், “யாருமில்லை என்னைக் கொல்கிறான்!” என்று அலறுகிறான். அக்கம்பக்கத்து அரக்கர்களுக்கு அது ‘யாரும் கொல்லவில்லை’ என்றே காதில் விழுகிறது, போய்விடுகிறார்கள். காலையில் பாறையை நகர்த்துவதும் அவனேதான். மேயப் போகும் ஆட்டின் முதுகைத் தடவிப் பார்க்கிறான், வயிற்றுக்கடியில் ஆள் தொங்குவது தெரியவில்லை.

நம்மூர்ப் பஸ்மாசுரனும் இப்படித்தான். யார் தலையில் கைவைத்தாலும் சாம்பலாகும் வரம் அவனுக்கு. மோகினி ஆடிக்காட்ட, அவனும் ஆடித் தன் தலையிலேயே கைவைத்துக்கொள்கிறான். எதிரியின் பலத்தையே வேலை வாங்குவதுதான் இரண்டு கதையிலும் சாமர்த்தியம்.

இன்னொன்று. படகேறித் தப்பியதும் ஒடிசியஸ், “உன் கண்ணைப் பிடுங்கியவன் நான்தான்” என்று ஊர், அப்பன் பேரோடு கத்துகிறானே, அதை நீளம் கருதி வெட்டிவிட்டதாகச் சொன்னீர்கள். வேண்டாம். யாருமில்லாதவனாக இருந்து பிழைத்தவன் கெத்துக்காகப் பேரைச் சொல்கிறான். அந்தப் பேரை வைத்துத்தான் அரக்கன் தன் அப்பன் கடல்தேவன் பொசைடனிடம் சாபம் கேட்கிறான். ஒடிசியஸ் கூட வந்த ஆட்களையெல்லாம் இழந்து, வருஷக்கணக்கில் அலைந்து, அந்நியர் கப்பலில் ஒற்றை ஆளாக வீடு சேர்கிறான்.

நேரம் போதாதென்றால் தொடக்கத்து நடனத்தைக் குறையுங்கள். வாசல் பாறை மட்டும் பெரிதாக இருக்கட்டும். நான்கு பசங்க சேர்ந்து தள்ளியும் நகரவில்லை என்று முதலிலேயே ஒருமுறை காட்டிவிடுங்கள்.

அன்புடன்,
பக்கத்துத் தெரு வாசகன்