நாற்பது பவுனும் நான்கு வருடப் படிப்பும்: பாகம் பேசுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

பாகம் பேசி முடித்துவைக்கும் பெரியவர்களுக்கும், அதைப் பத்திரமாக எழுதித் தரும் ஆவண எழுத்தர்களுக்கும்,

வணக்கம்.

“எனது திருமணத்தின்போதே என் பங்கிற்கு ஈடாக 40 பவுன் நகையும் சீர்வரிசையும் பெற்றுக்கொண்டுவிட்டபடியால், மேற்படி சொத்துக்களில் எனக்கு இனி யாதொரு பாத்தியதையும் இல்லை.” சென்ற மாதம் எங்கள் பார்வைக்கு வந்த ஒரு விடுதலைப் பத்திர வரைவில் இருந்த வரி இது. உங்களுக்குப் புதிய வரி இல்லை. பெயரையும் பவுனையும் மட்டும் மாற்றிப் பல வருடமாக இதையே எழுதிவருகிறீர்கள். இந்த முறை அந்தப் பெண் கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரு கேள்வி கேட்டுவிட்டார்: “அண்ணன் காலேஜுக்குக் கட்டிய பணத்தை எந்தப் பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள்?” உட்கார்ந்திருந்த யாரிடமும் பதில் இல்லை. அந்தக் கேள்விக்காகத்தான் இந்த மடல்.

நாங்கள் கேட்பது ஒன்றுதான். பெற்றவர்கள் உயிரோடிருந்தபோது பிள்ளைகளுக்குக் கொடுத்ததைப் பாகத்தில் கழிக்காதீர்கள். எல்லோரும் சம்மதித்துக் கழித்தே ஆகவேண்டும் என்றால் எல்லாப் பிள்ளைகளுக்கும் கொடுத்ததை, ஒரே அளவுகோலில் கழியுங்கள்.

அந்தக் குடும்பத்தின் கணக்கையே எடுத்துக்கொள்வோம். தகப்பனார் தன் சம்பாத்தியத்தில் வாங்கிய வீடு 60 லட்சம், மனை 24 லட்சம், வங்கி வைப்பு 6 லட்சம், ஆக 90 லட்சம். உயில் இல்லாமல் காலமானார். இருப்பவர்கள் தாயார், ஒரு மகன், ஒரு மகள். 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 8ஆம் பிரிவுப்படி மூவரும் முதல் வகுப்பு வாரிசுகள், ஆளுக்கு 30 லட்சம். சட்டப்படி கணக்கு இதோடு முடிந்தது. மகளுக்கு எத்தனை பவுன் போட்டார்கள், மகனை எங்கே படிக்க வைத்தார்கள் என்று கேட்கும் பிரிவு எதுவும் அந்தச் சட்டத்தில் கிடையாது. கிறிஸ்தவர்களுக்குப் பொருந்தும் 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டமோ 49ஆம் பிரிவில் இதை வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறது: உயில் எழுதாமல் இறந்தவர் தன் வாழ்நாளில் ஒரு பிள்ளையின் முன்னேற்றத்துக்காகக் கொடுத்த பணத்தையோ சொத்தையோ அந்தப் பிள்ளையின் பங்கைக் கணக்கிடும்போது எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஆனால் அந்த வீட்டுத் திண்ணையில் போடப்பட்ட கணக்கு வேறு. கல்யாணம் நடந்தது 2004இல். அன்றைக்குப் பவுன் ஐயாயிரத்துக்குள் இருந்தது. 40 பவுனுக்குச் சுமாராக 2 லட்சம் செலவானது. பேச்சில் அதைப் பவுன் 80,000 என்று போட்டு 32 லட்சம் ஆக்கினார்கள். மகளின் பங்கு 30 லட்சம், வாங்கியது 32 லட்சம். ஆக மகள்தான் பிறந்த வீட்டுக்கு 2 லட்சம் பாக்கி! பெருந்தன்மையாக அதைத் தள்ளுபடி செய்துவிட்டார்களாம். அதே வருடத்தில் மகனுக்குப் பொறியியல் கல்லூரியில் நன்கொடையும் கட்டணமுமாகப் போன 4 லட்சத்துக்குப் போட்ட மதிப்பு பூஜ்யம். கேட்டால், “படிக்க வைப்பது தகப்பன் கடமை.” கல்யாணம் செய்துவைப்பது யார் கடமை என்று அங்கே யாரும் கேட்கவில்லை.

இப்போது ஒரே அளவுகோலில் பார்ப்போம். தாயாரின் 30 லட்சத்தைத் தொட வேண்டியதில்லை. அவர் எதையும் முன்கூட்டி வாங்கவில்லை. மிச்சம் 60 லட்சம். கொடுத்த நாளின் மதிப்பையே வைத்துக்கொண்டால், 60உடன் மகள் வாங்கிய 2ஐயும் மகன் வாங்கிய 4ஐயும் சேர்த்தால் 66 லட்சம். ஆளுக்கு 33. மகளுக்கு இனி வர வேண்டியது 31, மகனுக்கு 29. வித்தியாசம் 2 லட்சம், அவ்வளவுதான்.

‘பணத்தின் மதிப்பு இறங்கிவிட்டது, இன்றைய விலையில்தான் பார்க்க வேண்டும்’ என்கிறீர்களா? சரி, பார்ப்போம். மகனுக்குக் கட்டிய 4 லட்சத்துக்கு அன்றைக்கு 80 பவுன் வாங்கியிருக்கலாம். உங்கள் விலையிலேயே அது இன்று 64 லட்சம். 60, 32, 64 மூன்றையும் கூட்டினால் 156. ஆளுக்கு 78. மகளுக்கு வர வேண்டியது 46 லட்சம், மகனுக்கு 14 லட்சம். நகைக்கு இன்றைய விலையும் படிப்புக்குப் பழைய விலையும், அல்லது விலையே இல்லாமலும், போடுகிற இடத்தில்தான் ஒரு பெண்ணின் மூன்றில் ஒரு பங்கு காணாமல் போகிறது. வரைவைப் பார்த்தவுடனே இதைக் கண்டுபிடித்துவிடலாம். பவுன் எண்ணிக்கை எழுதியிருக்கும், எந்தத் தேதியின் விலை என்று இருக்காது. மகன் பெயருக்கு நேராகத் தொகையே இருக்காது.

பேச்சில் எங்களுக்கு மிகவும் உறுத்தியது இனித்தான். “அந்த நகையெல்லாம் இப்போது எங்கே?” என்று அந்தப் பெண்ணிடம் கேட்கப்பட்டது. இருபது வருடத்துக்கு முன் போட்ட நகைக்கு, தம்பி முறைக்காரர்களும் மாமன் முறைக்காரர்களும் சுற்றி உட்கார்ந்திருக்க, அவர் கணக்குச் சொல்ல வேண்டும். மாமியார் பெட்டிக்குப் போனது எத்தனை, புருஷன் கடை வைக்க விற்றது எத்தனை, பிரசவத்துக்கு அடகு போய்த் திரும்பாதது எத்தனை. மகனிடம் “படித்தது இப்போது எங்கே?” என்று யாரும் கேட்பதில்லை. அது மாதச் சம்பளமாக அவன் கணக்கில் விழுந்துகொண்டிருக்கிறது. அந்தச் சம்பளத்தில் குடும்பத்துக்குப் பங்கு கேட்கவும் முடியாது. குடும்பப் பணத்தில் படித்திருந்தாலும் படிப்பால் வந்த சம்பாத்தியம் படித்தவனுக்கே சொந்தம் என்று 1930லேயே கல்வி ஈட்டுச் சட்டம் போட்டாகிவிட்டது. மகனுக்கு அந்தப் பாதுகாப்பு இருக்கட்டும், நாங்கள் ஆட்சேபிக்கவில்லை. கையில் இல்லாத நகையை மட்டும் மகளின் பங்கில் கழிக்காதீர்கள். கல்யாண மண்டப வாடகையையும் சாப்பாட்டுச் செலவையும் அவள் தலையில் எழுதுவதும் வேண்டாம். அந்தச் சாப்பாட்டைச் சாப்பிட்டவர்களில் நீங்களும் உண்டு.

ஆவண எழுத்தர்களுக்கு ஒரு எச்சரிக்கை. “வரதட்சிணையாகக் கொடுத்த” என்று சில வரைவுகளில் கூச்சமில்லாமல் வருகிறது. 1961ஆம் ஆண்டு வரதட்சிணைத் தடைச் சட்டத்தின் 3ஆம் பிரிவில் வாங்குவது மட்டுமல்ல, கொடுப்பதும் குற்றம். குறைந்தது ஐந்து வருடச் சிறை. அதே சட்டத்தின் 6ஆம் பிரிவு, வேறு யார் கையில் போயிருந்தாலும் வரதட்சிணை அந்தப் பெண்ணுக்கே சேர வேண்டும் என்கிறது. ஆக, உங்கள் கட்சிக்காரர் செய்த குற்றத்தை அவர் செலவிலேயே முத்திரைத்தாளில் எழுதி, அதைக் காட்டி மகளின் பங்கையும் பிடித்துக்கொள்ளச் சொல்கிறீர்கள். வரதட்சிணை கொடுத்ததால் மகளின் சொத்துரிமை போய்விடாது என்று 2023இல் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் கோவா அமர்வும் சொல்லிவிட்டது. கேட்டுப் பெறாத அன்பளிப்பு என்றால் 1985ஆம் ஆண்டு விதிகளின்படி கையெழுத்திட்ட பட்டியல் இருக்க வேண்டும். எத்தனை வீட்டில் இருக்கிறது?

கல்யாணத்தன்றே எழுதி வாங்கிய காகிதத்தைச் சிலர் நீட்டுகிறார்கள். தகப்பன் உயிரோடிருக்கும்போது அவருடைய சுயசம்பாத்தியத்தில் பிள்ளைக்கு இருப்பது எதிர்பார்ப்புதான். எதிர்பார்ப்பைக் கைமாற்ற முடியாது என்கிறது சொத்து மாற்றுச் சட்டத்தின் 6(அ) பிரிவு. ஆனால் இதற்கு ஒரு எல்லை உண்டு, அதையும் சொல்லிவிடுகிறோம். உண்மையான பிரதிபலனைத் தெரிந்து வாங்கிக்கொண்டு, அதற்காகவே உரிமை கோரமாட்டேன் என்று எழுதிக் கொடுத்தவர் பின்னால் மாறிப் பேசினால், அந்தப் பேச்சு எடுபடாது, அவருக்கு முரண்தடை வரும் என்று உச்ச நீதிமன்றம் 1972இலும் 2023இலும் சொல்லியிருக்கிறது. பாகத்துக்கு ஈடு என்று யாரும் சொல்லாமல் போட்ட தாலிக்கொடியும் வளையலும் அந்தக் கணக்கில் வராது. இருபது வருடம் கழித்து நீங்கள் எழுதும் ஒரு வரி அவற்றைப் பிரதிபலனாக மாற்றிவிடவும் முடியாது.

பூர்வீகச் சொத்தானாலும் வழி இதுதான். பாகம் பிரிக்கும் நாளில் குடும்பத்திடம் என்ன இருக்கிறதோ அதைத்தான் பிரிக்கிறோம். மோசடி இல்லாதவரை, யாருக்கு எவ்வளவு செலவழித்தோம் என்று பழைய கணக்கைக் கிளறுவதில்லை. இதை உங்களில் பலர் எங்களைவிட நன்றாகச் சொல்வீர்கள், அண்ணன் தம்பிகளுக்குள் பாகம் பேசும்போது. தங்கை வந்து உட்கார்ந்தால் மட்டும் பழைய நோட்டு எங்கிருந்தோ வந்துவிடுகிறது. 1989க்கு முன் கல்யாணமானவளுக்குப் பங்கில்லை என்று இன்னமும் சொல்லிக்கொண்டிருப்பவர்களுக்கு, மகளுக்கும் மகனைப் போலவே பங்கு என்ற 2005 திருத்தத்தையும் அதை உறுதிசெய்த 2020ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பையும் யார் படித்துக் காட்டுவது? பங்கு கேட்டால் பிறந்த வீட்டுச் சீர் நின்றுவிடும் என்று மிரட்டுகிறார்களே, வருடத்துக்கு ஒரு சேலைக்கு 30 லட்சம் என்றால் அதைவிட விலை கூடிய பட்டு எந்தக் கடையிலும் கிடையாது.

கோபத்தில் எங்கோ போய்விட்டோம், பொறுத்துக்கொள்ளுங்கள். தயவுசெய்து இப்படிச் செய்யுங்கள். பேச உட்கார்ந்ததும் சட்டப்படியான பங்கை முதலில் ஒரு தாளில் எழுதி, தாயார் உட்பட எல்லோருக்கும் வாசித்துக் காட்டுங்கள். முன்பு கொடுத்ததைக் கழிக்க வேண்டும் என்று யாராவது சொன்னால், மகன், மகள் இருவர் பெயரிலும் கொடுத்த வருடம், கொடுத்த தொகை, இப்போது போடும் மதிப்பு மூன்றையும் எழுதி, எல்லோரும் சம்மதித்தால் மட்டும் கழியுங்கள். ஒருவர் மறுத்தாலும் அந்தத் தாளை மடித்து வைத்துவிட்டுச் சட்டப் பங்குக்கே திரும்புங்கள். வீட்டை மகனே வைத்துக்கொள்ள விரும்பினால் மகளுக்கு ஈடுதொகை கொடுக்கட்டும். அது எந்தத் தேதியில், எந்த வங்கிக் கணக்குக்குப் போனது என்று பத்திரத்தில் வரட்டும். மனமுவந்து விட்டுக்கொடுக்கிற பெண் விட்டுக்கொடுக்கட்டும், ‘ஏற்கனவே பெற்றுக்கொண்டேன்’ என்ற பொய்க்கு அங்கே வேலையில்லை.

பிள்ளைகளுக்குக் கொடுத்ததைப் பின்னால் கழிக்க வேண்டும் என்று நினைக்கும் தகப்பன் தாய் உங்களிடம் இன்றே வந்தால், உயில் எழுதச் சொல்லுங்கள். மகனுக்கு இந்த வருடம் இவ்வளவு கொடுத்தேன், அதை அவன் பங்கில் கழிக்க வேண்டும் என்று அதில் தெளிவாக இருக்கட்டும். கடனாகக் கொடுத்தால் கடன் பத்திரம் வாங்கச் சொல்லுங்கள். அதற்கும் மூன்று வருடக் காலவரம்பு உண்டு என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

அந்த 40 பவுன் வரைவு இன்னும் கையெழுத்தாகவில்லை. அதை எழுதியவர் இதைப் படிக்க நேர்ந்தால், அந்த ஒரு வரியை அடித்துவிட்டு மறுபடி எழுதித் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
பாகப்பிரிவினை வழக்குகளையும் பத்திரங்களையும் பார்த்துவரும் சிலர்