பொருள்: இடது இயர்பட் சார்ஜ் ஏறாமை – சார்ஜிங் கேஸை மாற்றித் தரக் கோருதல்

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

ஐயா / அம்மா,

ஐந்து மாதங்களுக்கு முன் உங்கள் நிறுவனத்தின் இயர்பட்ஸ் வாங்கினேன். ஒரு வருட வாரண்டி. பில் நகலை இணைத்திருக்கிறேன்.

மூன்று வாரமாக இடது பட் கேஸில் சார்ஜ் ஏறுவதில்லை. கேஸில் வைத்து மூடிய பிறகும் அது போனுடனான இணைப்பை விடுவதில்லை. மூடிய டப்பாவுக்குள் பாட்டு ஓடிக்கொண்டிருக்கிறது. தான் கேஸுக்குள் இருப்பதே அதற்குத் தெரியவில்லை என்றுதான் அர்த்தம்.

உங்கள் ஹெல்ப்லைனில் துடைக்கச் சொன்னார்கள். பட்டின் அடியில் உள்ள இரண்டு பொன்னிறப் புள்ளிகளில் ஒன்றில் வியர்வை பட்டுப் பச்சை பூத்திருந்தது, அதை மறைக்கவில்லை. பஞ்சுக் குச்சியை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் லேசாக நனைத்துத் துடைத்ததும் போய்விட்டது. கேஸின் குழியில் உள்ள பின்களையும் துடைத்து அரை மணி நேரம் காயவிட்டேன். பலனில்லை.

அடுத்து ரீசெட். போனின் ப்ளூடூத் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டு, இரண்டையும் கேஸில் வைத்து, பட்டனைப் பத்து வினாடி அழுத்தச் சொன்னார்கள். நிலைமை மோசமானது. வலது பட் மட்டும் ரீசெட் ஆனது, இடது ஆகவில்லை. போனில் இரண்டும் தனித்தனிப் பெயராக வந்தன. ரீசெட் கட்டளையும் அதே பின்கள் வழியாகத்தான் போகிறது போல. பின் தொடாத பட்டுக்கு அது எப்படிப் போய்ச் சேரும்?

அதன் பிறகுதான் டார்ச் அடித்துப் பார்த்தேன். இடது குழியில் ஒரு பின் மற்றதைவிடத் தாழ்ந்து நின்றது. பல்குத்தும் குச்சியால் மெல்ல அழுத்தினால் மற்ற மூன்று பின்களும் துள்ளி எழுகின்றன. இது மட்டும் அமுங்கியபடியே கிடக்கிறது, ஸ்பிரிங் போய்விட்டது. பட்டை விரலால் அழுத்திப் பிடித்தால் விளக்கு எரிகிறது, விட்டால் அணைகிறது. அப்படி அழுத்திப் பிடித்துக்கொண்டே ரீசெட் செய்ததில் இரண்டு பட்களும் மறுபடி ஒன்று சேர்ந்தன. சார்ஜுக்காக ஒரு மணி நேரம் அப்படி உட்கார்ந்திருக்க முடியாது.

சந்தேகம் வேண்டாமென்று, இதே மாடல் வைத்திருக்கும் என் அக்கா மகனிடம் கேஸை வாங்கிப் பார்த்தேன். அதில் என் இடது பட் நன்றாகவே சார்ஜ் ஏறியது. அவனுடைய இடது பட் என் கேஸில் ஏறவில்லை.

ஆனால் சர்வீஸ் சென்டரில் "இடது பட்டை மட்டும் அனுப்புங்கள், மாற்றித் தருகிறோம்" என்கிறார்கள். புது பட் வந்தாலும் இந்தக் கேஸில் ஏறாது. எனவே கேஸை வாரண்டியில் மாற்றித் தர வேண்டுகிறேன். பின்னின் படத்தையும், அழுத்தினால் மட்டும் விளக்கு எரியும் வீடியோவையும் அனுப்பியுள்ளேன். 15 நாட்களுக்குள் பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிவு செய்வேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்