பதினாலடிக் கூரைக்கு ஆறடிக் கயிறு: ஷீட் வேலைத் தம்பிகளுக்குத் திறந்த மடல்

தொண்டியிலிருந்து ராமேஸ்வரம் வரைக்கும் கருவாட்டு செட்டு, ஐஸ் பிளான்ட் கூரையில ஏறுற தம்பிகளுக்கு,

காலையில ஏணி சாத்துறதுக்கு முன்னாடி மேஸ்திரி யாராவது இதை வாசிச்சுக் காட்டுங்க. அஞ்சு நிமிஷம்தான் ஆகும்.

நான் விழுந்தப்ப பெல்ட் போட்டிருந்தேன். கொக்கியும் மாட்டியிருந்தேன். அப்படியும் குதிகால் எலும்பு நொறுங்கிப் போச்சு. எப்படின்னு கேளுங்க.

செட்டு உயரம் பதினாலடி. என் கயிறு ஆறடி. தலைக்கு மேல மாட்ட இடம் இல்லாததால, காலுக்குக் கீழ இருந்த பர்லின்லயே மாட்டிட்டேன். விழுந்தா முதல்ல கயிறு ஆறடி நீளும். பெல்ட் வளையம் முதுகுல இருக்குது, அங்கிருந்து பாதம் வரைக்கும் இன்னொரு அஞ்சடி. ஆக, கயிறு விறைக்கும்போதே என் கால் பதினோரு அடி கீழ வந்திருச்சு. தரைக்கு மிச்சம் மூணடி. அதிர்ச்சி தாங்குற பாக்கெட் முழுசாக் கிழிஞ்சு வேகத்தைக் குறைக்க ஆறடி வரைக்கும் எடம் வேணும். அவுத்துப் பாத்தா அது பாதிதான் கிழிஞ்சிருந்துச்சு. அதுக்குள்ள தரை வந்திருச்சு. இந்தக் கணக்குக்கு பதினேழடி ஆகுது, தரையில படாம இருக்க மூணடி மிச்சமும் சேத்து, மாட்டுற எடத்துக்குக் கீழ இருபதடியாவது காலியா இருக்கணும். நம்ம பக்கத்துச் செட்டுல பாதிக்கு அந்த உயரமே கிடையாது.

அதனால தாழ்ந்த கூரையில பெல்ட்டை நம்பி ஏறாதீங்க. உள்ள சாரம் கட்டி, பலகை போட்டு, கீழ நின்னே ஷீட்டை மாத்துங்க. ஏறித்தான் ஆகணும்னா பர்லினுக்கு ஒட்டிக் கீழயே வலை கட்டச் சொல்லுங்க. மேல மூணு பர்லின்ல படுற நீளத்துக்குப் பலகை போட்டுக் கட்டி, அது மேலதான் நடக்கணும். "போல்ட் வரிசையில கால் வச்சா ஒண்ணும் ஆகாது"ன்னு பெருசுக சொல்லும். நானும் சொல்லிட்டுத் திரிஞ்சவன்தான். ஆனா சிமெண்ட் ஷீட் அங்கயும் உடையும்.

நான் கால் வச்சது சிமெண்ட் ஷீட்டுகூட இல்ல. வெளிச்சத்துக்குப் போட்ட ஃபைபர் ஷீட்டு. உப்பும் புழுதியும் காக்கா எச்சமும் படிஞ்சு பக்கத்து ஷீட்டு நிறத்துக்கே வந்திருந்துச்சு. மேல நின்னு பாத்தா தெரியாது. ஏறுறதுக்கு முன்னாடி செட்டுக்குள்ள போயி அண்ணாந்து பாருங்க, வெளிச்சம் காட்டிக்குடுத்திரும். எத்தனாவது வரிசைன்னு எண்ணிக்கிட்டு, மேல போனதும் பலகையில நின்னுக்கிட்டே சாக்பீஸால பெருக்கல் குறி போடுங்க.

கொக்கியை ஜே போல்ட்டுல மாட்டவே மாட்டாதீங்க. கடல் காத்துல அது உள்ளுக்குள்ளயே இத்துப் போயிருக்கும். பர்லினும் அப்படித்தான், சுத்தியலால தட்டினா செதில் செதிலா உதிரும். நல்லா இருக்குற ட்ரஸ்ஸுல மாட்டுங்க. கச்சான் அடிக்கிற நாள்ல ஷீட்டைத் தூக்காதீங்க, பாய் விரிச்ச வள்ளம் மாதிரி ஆளையும் சேத்து இழுத்துட்டுப் போயிரும்.

உயரமான கூரையில பெல்ட்டு ஆளைத் தாங்கிட்டாலும், தொங்குறவனைச் சீக்கிரம் இறக்கணும். தொடைப்பட்டி இறுகி ரத்தம் கால்லயே தங்கிரும், கொஞ்ச நேரத்துல மயக்கம் வரும். அதுவரைக்கும் காலை ஆட்டிக்கிட்டே இருக்கச் சொல்லுங்க. கீழ நிக்கிற ஆளு ஏணியை எடுத்துட்டு டீக்கடைப் பக்கம் போயிரக் கூடாது.

இப்படிக்கு,
ஒரு பழைய ஷீட் மேஸ்திரி, தேவிபட்டினம்