உடைந்த கிதார் கதைக்குக் கைகொடுத்தவர்களுக்கு

அன்புடையீர்,

சென்ற மாதம் வெளிவந்த என் சிறுகதையைப் படித்துவிட்டுப் பலர் எழுதியிருந்தீர்கள். ராக் இசைக் கலைஞர்களைக் கடவுளாக நினைக்கும் பதினான்கு வயதுப் பையன் தன் கிதாரைத் தானே அடித்து நொறுக்குகிறான். அதை ஒரு கருவி பழுதுபார்ப்பவர் ஒட்டித் தருகிறார். கதை இவ்வளவுதான். ஆனால் நான் முதலில் எழுதிய கதை இதுவல்ல. அதை இந்த வடிவத்துக்குக் கொண்டுவந்தவர்களுக்கு எல்லோரும் அறிய நன்றி சொல்ல வேண்டும்.

கதை லண்டனின் ஹாரோவில் நடக்கிறது. நான் வாழும் ஊர் அது. 1964இல் இங்கே ரயில் நிலையத்துக்கு அருகில் இருந்த ஒரு மதுக்கூடத்தில் 'தி ஹூ' குழுவின் பீட் டவுன்சென்ட் வாசித்துக்கொண்டிருந்தபோது, கிதாரின் தலை தாழ்வான கூரையில் மோதி உடைந்தது. கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். அவர் மிச்சக் கிதாரையும் அடித்து நொறுக்கிவிட்டு வேறொன்றை எடுத்து வாசிப்பைத் தொடர்ந்தார். தற்செயலாக நடந்தது பிறகு அவருடைய அடையாளமாகிவிட்டது. அந்தக் கட்டடம் தீயில் போய், இப்போது அங்கே குடியிருப்புகள் நிற்கின்றன. என் கதைப் பையன் தினமும் அந்த வழியாகப் பள்ளிக்குப் போகிறான். இந்தத் தகவல்களைத் தேடித்தந்த நூலக ஊழியருக்கு முதல் நன்றி.

அடுத்து, நெடுநேரம் நன்றி சொல்ல வேண்டியவரிடம் வருகிறேன். யாழ்ப்பாணத்தில் தச்சு வேலை கற்று, இங்கே கர்நாடக இசை பயிலும் பிள்ளைகளின் வயலின்களைச் சரிசெய்து பிழைத்துவரும் அண்ணா அவர். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். என் முதல் வரைவைப் பட்டறையில் நின்றபடியே படித்தார். அதில் பழுதுபார்ப்பவர் ஒரே இரவில் கிதாரைப் புதிதுபோல் ஆக்கிவிடுவார். படித்து முடித்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி: "தம்பி, எங்கே உடைந்தது?"

"எல்லா இடத்திலும்" என்றேன்.

"அப்படியென்றால் அடுப்புக்குத்தான் போக வேண்டும்" என்றார்.

பிறகு ஒரு பழைய கிதாரை மடியில் வைத்து எனக்குப் பாடம் எடுத்தார். மேடையில் நொறுக்கப்படும் மின் கிதார் பெரும்பாலும் கெட்டி மரப் பலகை. பலவற்றில் கழுத்து திருகாணிகளால்தான் பொருத்தப்பட்டிருக்கும். என் பையனிடம் இருப்பதோ உள்ளே வெற்றிடமான பெட்டி. அதன் மேற்பலகை ஏறக்குறைய 3 மில்லிமீட்டர்தான் தடிமன். ஆறு எஃகுத் தந்திகளும் சேர்ந்து அதை ஏறத்தாழ 70 கிலோ விசையுடன் இழுத்துக்கொண்டிருக்கின்றன. உள்ளே ஒட்டியிருக்கும் மெல்லிய சட்டங்கள்தான் அந்த இழுவையைத் தாங்குகின்றன. பையன் கழுத்தைப் பிடித்து ஓங்கி அடித்தால் பெட்டியின் அடிமூலை நசுங்கும், மேற்பலகை மர ரேகையோடு பிளக்கும், உள்சட்டம் ஒன்றிரண்டு விட்டுப்போகும். தலையும் முறிய வேண்டுமென்றால் பெரும்பாலும் அது எதிலாவது மோத வேண்டும். அதனால்தான் கதையில் இப்போது பையன் கிதாரை ஓங்கும்போது அதன் தலை அலமாரியின் விளிம்பில் இடிக்கிறது. டவுன்சென்டுக்கு நேர்ந்ததே அவனுக்கும் தெரியாமல் நேர்கிறது. எவ்வளவு யோசித்தும் எனக்கு எட்டாத இடம் அது. மரத்தை அறிந்தவரிடமிருந்து வந்தது.

பயத்தில் பையன் சூப்பர் குளூ வாங்கித் தலையை ஒட்டப் பார்க்கிறான் அல்லவா, அந்தப் பகுதியை வெட்டிவிட நினைத்திருந்தேன். அண்ணா விடவில்லை. "இங்கே வருவதில் பாதி அப்படி ஒட்டிக்கொண்டு வருவதுதான்" என்றார். அந்தப் பசை மரத்தின் நுண்துளைகளை அடைத்துவிடும். பிறகு எந்தப் பசையும் உள்ளே இறங்காது. அசிட்டோனால் கரைக்கலாம், ஆனால் அது மேற்பூச்சையும் அரித்துவிடும். சுரண்டினால் முறிந்த இரு முகங்களும் ஒன்றோடொன்று பொருந்தாமல் போகும். கதையில் மிகப் பெரிய சேதத்தைச் செய்தது பையனின் ஆத்திரம் இல்லை, அவசரம் என்று ஆனது இப்படித்தான்.

முறிவைப் பற்றி அவர் சொன்ன ஒன்றை அப்படியே கதையில் சேர்த்துக்கொண்டேன்: "நீளமான முறிவு நல்ல முறிவு." சாய்வாக நான்கு விரல் நீளத்துக்குப் பிளந்திருந்தால் பசை பிடிக்க இடம் நிறைய. நறுக்கென்று குறுக்கே ஒடிந்திருந்தால் பசை மட்டும் போதாது, உள்ளே மரச் சட்டம் பதிக்க வேண்டும்.

ஒட்டுவதற்கு அவர் பயன்படுத்துவது வச்சிரம். விலங்குத் தோலிலிருந்து எடுக்கும் அந்தப் பசையைச் சுமார் 60 பாகைக்குச் சூடாக்குவார். அதற்கு மேல் போனால் வலு குறையும் என்று கிண்ணத்தில் வெப்பமானியை வைத்துக்கொண்டே வேலை செய்வார். வச்சிரம் ஆறி இறுகத் தொடங்க ஓரிரு நிமிடங்களே ஆகும். அதற்குள் பொருத்தி முடிக்க வேண்டும். ஆகவே பசையைத் தொடுவதற்கு முன்பு எல்லாவற்றையும் வெறுமனே ஒருமுறை பொருத்தி, கிளாம்புகளை இறுக்கி, மறுபடி கழற்றிவிடுவார். எந்தக் கை எதை எடுக்கும் என்பது வரை ஒத்திகை. என்னைக் கண்ணை மூடிக்கொண்டு நகத்தால் முறிவின் குறுக்கே வருடச் சொன்னார். ஓரிடத்தில் நகம் இலேசாகத் தட்டியது. கிளாம்பைக் கழற்றி, சாமணத்தால் ஊசி முனையளவு சிலாம்பு ஒன்றை எடுத்துக் காட்டினார். மறுபடி வருடினேன். நகம் வழுக்கிக்கொண்டு போனது.

அதைப் பார்த்த பிறகுதான் கதையில் பையனைத் தரையில் உட்காரவைத்துச் சிலாம்புகளைப் பொறுக்கவைத்தேன். அதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மலிவான கிதாரை இப்படிச் சரிசெய்யக் கேட்டால் கூலி அதன் விலையைத் தாண்டிவிடும், யாரும் கையில் எடுக்க மாட்டார்கள் என்றார் அண்ணா. அப்படியானால் என் பாத்திரம் ஏன் எடுத்தார்? பையனே வேலை செய்தால்தான் அது நடக்கும். பெட்டிக்குள் பெரியவரின் கை நுழையாத மூலையில் பையனின் மெல்லிய கை நுழைகிறது. பிளவின் அடியில் ரேகைக்குக் குறுக்காகச் சிறு ஒட்டுத்துண்டுகளை அவன் கண்ணாடியில் பார்த்துப் பார்த்து வைக்கிறான். விரல் முட்டியால் பலகையைத் தட்டும்போது 'சள்' என்ற ஒலி போய் 'டொக்' என்று வருகிறது. சட்டம் பிடித்துவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம்.

பையனின் பேச்சை வரிவரியாகத் திருத்திய பக்கத்து வீட்டு மகளுக்கும் நன்றி. பள்ளி இசை விழாவில் கைதட்டலோடு முடிந்திருந்த என் கடைசிப் பக்கத்தை நீக்கச் சொன்ன இதழாசிரியருக்குத் தனி நன்றி. ஒட்டிய கழுத்தில் முதல்நாளே முழு இழுவையை ஏற்றக்கூடாது, ஒரு சுரம் தாழ்த்திக் கட்டி இரண்டு நாள் விட்டுவைப்பேன் என்று அண்ணா சொல்லியிருந்தார். அதனால் கதை இப்போது தளர்ந்த தந்திகளோடு மேசையில் கிடக்கும் கிதாரில் நிற்கிறது. தழும்பு தெரிகிறது. பையன் காத்திருக்கிறான்.

இதழின் ஒரு பிரதியைப் பட்டறையில் கொடுத்துவிட்டு வந்தேன். மறுநாள் இரவு அண்ணா தொலைபேசியில் அழைத்தார். தலை முறிவுக்கு ஆறு கிளாம்ப் என்று எழுதியிருக்கிறேனாம். அந்த இடத்தில் நான்குக்கு மேல் கொள்ளாது. தொகுப்பில் வரும்போது திருத்திவிடுகிறேன், அண்ணா.