சின்ன வேலைகளின் விலையைத் திரும்பப் பாருங்கள்: பட்டறை முதலாளிமாருக்கு ஒரு திறந்த மடல்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் லேத், வெல்டிங் பட்டறை நடத்தும் முதலாளிமாருக்கு,

வணக்கம். பட்டறைகளுக்குக் கணக்கு எழுதுபவன் நான். கேட், கிறில் போன்ற பெரிய ஓடர்கள் வேறு இடத்துக்குப் போக, லேண்ட்மாஸ்டருக்குப் புஷ் கடைவது போன்ற சில்லறை வேலைகள் மட்டும் உங்களிடம் குவிகின்றனவா? அப்படியானால் நீங்கள் மேந்தலைச் செலவை, அதாவது எந்த ஒரு வேலைக்கும் நேரடியாகச் சேராத பொதுச் செலவை, பிரிக்கும் முறையைப் பார்க்க வேண்டும்.

ஓர் உதாரணம் போட்டுக் காட்டுகிறேன். வாடகை, மின்சாரம், மெசின் தேய்மானம், சாமான் வாங்க ஓடித் திரிவது, மெசினை செட் பண்ணும் பாஸின் சம்பளம் எல்லாம் சேர்த்து மாதம் 1,80,000 ரூபாய். வேலைக்கு நேரடியாகப் போகும் நேரம் 360 மணி. வழக்கமான முறையில் மணிக்கு 500 ரூபாய் விழும். ஒரு மணி நேரப் புஷ்சுக்கு 500, நாற்பது மணி நேரக் கேட்டுக்கு 20,000.

ஆனால் அந்தச் செலவெல்லாம் மணிக்கணக்கால் வருவதில்லையே. விலை சொல்வது, இரும்பு வாங்குவது, பில் எழுதுவது எல்லாம் வேலை சிறிதோ பெரிதோ ஒரே அலைச்சல்தான். அதற்கு 60,000 ரூபாய், மாதம் 120 வேலை என்றால் ஒரு வேலைக்கு 500. மெசின் செட் பண்ணுவதற்கு 48,000, மாதம் 200 தடவை என்றால் தடவைக்கு 240. மீதி 72,000 ரூபாய்தான் உண்மையில் மணியோடு போகிறது, மணிக்கு 200.

இப்போது புஷ்சைப் பாருங்கள். வெளிப்பக்கம் கடைந்து, திருப்பிப் பிடித்து உள்துளை போட வேண்டும், ஆக இரண்டு செட்டிங். 500, 480, 200 சேர்த்து 1,180 ரூபாய். கேட்டுக்கு மூன்று செட்டிங் என்று வைத்தாலும் 500, 720, 8,000 சேர்த்து 9,220 ரூபாய்தான். புஷ்சின் மேந்தலையைப் பாதிக்கும் குறைவாகவும், கேட்டின் மேந்தலையை இரண்டு மடங்குக்கு மேலாகவும் கணக்கிட்டு வந்திருக்கிறீர்கள். பெரிய ஓடர் ஏன் கைநழுவுகிறது என்பது இதிலேயே தெரிகிறது.

செயற்பாட்டு அடிப்படையில் கிரயமிடுவது என்பது இதுதான். இதற்கு மென்பொருள் வேண்டாம். ஒரு கொப்பியில் வேலை, செட்டிங், மணி என்று மூன்று நிரல் கீறி ஒரு மாதம் எழுதினால் போதும். பத்துப் பன்னிரண்டு செயற்பாடாகப் பிரிக்கப் போனால் யாரும் தொடர்ந்து எழுத மாட்டார்கள்.

அதற்காகப் புஷ் வேலையை உடனே நிறுத்திவிடாதீர்கள். நிறுத்தினாலும் வாடகையும் பாஸின் சம்பளமும் அப்படியே நிற்கும். அதைவிட ஒரு குறைந்தபட்சக் கூலி வையுங்கள். ஒரே அளவுப் புஷ் ஐந்தைச் சேர்த்துக் கடைந்தால் செட்டிங் செலவு ஐந்தாகப் பங்கு போகும்.

பெரும்போக வெட்டு முடிந்து வேலை குறையும் மாதத்தில் கவனம் வேண்டும். வந்த 60 வேலையால் 60,000 ரூபாயைப் பிரித்தால் வேலைக்கு 1,000 என்று காட்டும். அதை விலையில் ஏற்றினால் இருக்கும் ஆட்களும் போய்விடுவார்கள். பட்டறையால் சாதாரணமாகச் செய்யக்கூடிய 120 வேலையாலேயே பிரியுங்கள். மிச்சம் 30,000 ரூபாயை, சும்மா கிடந்த நேரத்தின் செலவு என்று தனியாக எழுதி வையுங்கள். அதை எந்த வாடிக்கையாளரின் பில்லிலும் போடாதீர்கள்.

அன்புடன்,
கணக்கெழுதும் ஒருவன்