ஏறும்போது ஒரு வார்த்தை

சுங்கை சிப்புட்,
ஞாயிறு மாலை

அன்பு மகளுக்கு,

நாங்கள் நலம். அப்பாவின் முழங்கால் மழை வந்தால் மட்டும் முணுமுணுக்கிறது. மற்றபடி மனிதர் காலையில் மோட்டார் எடுத்துக்கொண்டு கடைத்தெருவுக்குப் போய்விடுகிறார்.

நேற்று தொலைபேசியில், நிறுத்தத்தில் உட்கார்ந்திருந்த உன்னைப் பார்க்காமலேயே பஸ் போய்விட்டது என்று பொருமினாய். ஏறும்போது ஓட்டுநரிடம் என்ன சொல்வாய் என்று கேட்டேன். "என்ன சொல்வது அம்மா, கார்டைத் தட்டிவிட்டு உள்ளே போய்விடுவேன்" என்று சிரித்தாய். அந்தச் சிரிப்பை அப்படியே விட்டுவிட எனக்கு மனமில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நீ வயிற்றில் இருந்த வருடம் அது. கடைத்தெருவில் துணிக்கடையில் எனக்கு வேலை. கோலகங்சார் போகும் பஸ்ஸில் ஏறி, தோட்டத்துக்குச் சாலை பிரிகிற சிம்பாங்கில் இறங்க வேண்டும். அங்கே அப்போது நிறுத்தமும் இல்லை, விளக்கும் இல்லை. சாலையின் இரண்டு பக்கமும் பால்மரம். பழகாதவர்களுக்கு இருட்டில் எல்லா வளைவும் ஒன்றுதான். ஓட்டுநர் ஒரு மலாய்ப் பெரியவர், கண்டக்டர் நம்மவர். ஏறியதும் முன்பக்கம் பார்த்து "செலாமாட் பெத்தாங், பாக்சிக்" என்று மாலை வணக்கம் சொல்வேன். பிறகு கண்டக்டரிடம் காசை நீட்டி, "வணக்கம் அண்ணே, சிம்பாங்" என்பேன். அவ்வளவுதான். அவர் டிக்கெட்டில் துளை போட்டுக் கொடுத்துவிட்டு, அந்தக் கருவியை விரலிடுக்கில் 'டிக் டிக்' என்று தட்டிக்கொண்டே பின்னால் நகர்வார்.

அந்த ஒரு வார்த்தைக்குள் என்ன நடக்கிறது என்பதை நான் வெகுநாள் கழித்துத்தான் புரிந்துகொண்டேன். சந்தை நாளில் ஐம்பது பேர் ஏறுவார்கள். கண்டக்டருக்குத் தெரிவதெல்லாம் நீட்டிய கைகள்தான். வணக்கம் என்றதும் கையிலிருந்து கண்ணுக்கு ஏறி முகத்தைப் பார்ப்பார். அதே மூச்சில் இறங்குமிடத்தையும் சொன்னால், முகமும் இடமும் சேர்ந்து அவர் நினைவில் உட்கார்ந்துகொள்ளும். முன்னால் இருப்பவருக்கோ, இன்றைக்குச் சிம்பாங்கில் ஓர் ஆள் இருக்கிறது என்று தெரிந்துவிடும். மணியடிக்கும் முன்பே வேகத்தைக் குறைக்கத் தொடங்குவார். நனைந்த சாலையில் நிறைந்த பஸ்ஸைத் திடீரென்று நிறுத்துவது லேசான காரியமா?

ஏழாம் மாதம், ஒரு நாள் கடையில் நாள் முழுக்க நின்ற அலுப்பில் ஜன்னலோரம் சாய்ந்தவள் அப்படியே தூங்கிவிட்டேன். கண் விழித்தபோது பஸ் நின்றுகொண்டிருந்தது. கண்டக்டர் இருக்கையின் கம்பியைத் தட்டி, "தங்கச்சி, சிம்பாங் வந்துவிட்டது" என்கிறார். வெளியே கொட்டுகிற மழை. பாக்சிக் வழக்கமான இடத்தைத் தாண்டி, தோட்டத்துக் காவல் கொட்டகை ஓரமாகக் கொண்டுபோய் நிறுத்தியிருந்தார். நான் அவர்களிடம் எதையும் கேட்டிருக்கவில்லை.

இன்னொரு நாளைக் கதையும் சொல்லிவிடுகிறேன், அது என் தவறு. முதலாளியம்மாவோடு வாய்த் தகராறு. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஏறி, காசைக் கையில் திணித்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். அன்று ஓட்டுநரும் கண்டக்டரும் மாற்று ஆட்கள், அதைக்கூட நான் கவனிக்கவில்லை. அன்றும் கண் அசந்தது. விழித்தால் பஸ் அடுத்த ஊர்க் கடை வாசலில் நிற்கிறது. கண்டக்டரிடம் சத்தம் போட்டேன். அவர் பொறுமையாக, "நீங்கள் எங்கே என்று சொல்லவில்லையே அம்மா, காசுக்குத்தானே டிக்கெட் கிழித்தேன்" என்றார். என்ன பதில் சொல்வது? பெரிய வயிற்றோடு இருட்டில் இரண்டு மைல் நடந்தேன். அப்பா டார்ச் விளக்கோடு பாதி வழியில் வந்து சேர்ந்தார். அவர் திட்டியதை எழுதினால் தாள் போதாது.

பிறகு கண்டக்டர்கள் மெல்ல மெல்ல இல்லாமல் போனார்கள். ஓட்டுநரே காசு வாங்கி, சில்லறை எண்ணி, கதவு மூடி, கண்ணாடி பார்த்து, வண்டியும் எடுக்க வேண்டியதாயிற்று. வாழ்த்தும் அதற்கேற்பச் சுருங்கியது. காசை எண்ணி உள்ளங்கையில் தயாராக வைத்துக்கொண்டு, படியில் கால் வைக்கும்போதே சொல்லிவிட வேண்டும். அவர் சில்லறை எண்ணும்போது பேசினால் எண்ணிக்கை தவறும், பின்னால் நிற்பவர் முறைப்பார். வண்டி நகர்ந்த பிறகு பேசவே கூடாது. பழகிவிட்டோம் என்று ஓட்டுநர் பக்கத்தில் நின்று ஊர்க்கதை பேசுகிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். அவருடைய கண் சாலையில் இருக்க வேண்டும். தெரிந்தவர்தானே என்று காசு குறைத்துக் கொடுக்கிறவர்களும் உண்டு. அவர்கள் வைக்கும் வணக்கத்துக்குக் கணக்கு வேறு.

உன் ஊர் பஸ்ஸில் காசும் இல்லை, கண்டக்டரும் இல்லை. ஓட்டுநரும் நாளுக்கொருவர் என்கிறாய். அப்படியானால் அம்மாவுக்குக் கிடைத்த மாதிரி தூக்கத்தில் எழுப்ப ஆள் வரும் என்று நம்பாதே. ஆனாலும் இரண்டு இடங்களில் உனக்கு வேலை இருக்கிறது. முதலாவது, பஸ் ஏறுவதற்கு முன். கூரைக்கு அடியில் உட்கார்ந்து கைப்பேசியைப் பார்க்கிற பெண் பஸ்ஸுக்காகக் காத்திருக்கிறாளா, மழைக்கு ஒதுங்கியிருக்கிறாளா என்று ஓட்டுநருக்கு எப்படித் தெரியும்? பஸ் தூரத்தில் தெரியும்போதே எழுந்து ஓரத்துக்கு வா, கையை நன்றாக நீட்டு. அவர் வேகத்தைக் குறைத்து உன்னைப் பார்க்கிறாரே, வாழ்த்து அங்கேயே தொடங்கிவிடுகிறது. ஏறும்போது சொல்வது அதன் மிச்சம்தான். காதில் மாட்டியிருப்பதை அப்போது கழற்றிவிடு. அவர் திருப்பிச் சொல்வது உனக்குக் கேட்காவிட்டால், மறுநாள் அவர் சொல்லமாட்டார்.

இரண்டாவது, இறங்கும்போது. பின்கதவில் இறங்கினால் "தெரிமா காசி" முன்பக்கம் எட்டாது. கதவை மூடுவதற்கு முன் அவர் கண்ணாடியைப் பார்ப்பார். அந்தக் கண்ணாடிக்கு ஒரு கை காட்டு. நன்றியும் ஆயிற்று, கதவை விட்டு விலகிவிட்டாய் என்று அவருக்கும் தெரிந்துவிடும். பை வாரோ துப்பட்டாவோ கதவில் சிக்கியிருந்தால் உன் கை உயராது, அதுவும் அவர் கண்ணில் படும்.

எப்படி அழைப்பது என்று யோசிக்காதே. மலாய்க்காரர் நரைத்தவர் என்றால் பாக்சிக், இளைஞர் என்றால் அபாங். சீனரை அங்கிள் என்றால் போதும். நம்மவரை அண்ணன் என்று சொல். ஒருமுறை முப்பது வயதுப் பையன் ஒருவனை அரை இருட்டில் பாக்சிக் என்று அழைத்துவிட்டேன். ஒரு வாரம் என்னைப் பார்த்தாலே, "மாக்சிக், செலாமாட் பாகி" என்று வேண்டுமென்றே இழுத்துச் சொல்வான். தலையில் அப்போதுதான் நரை எட்டிப் பார்த்திருந்தது, எனக்குக் கோபம் கோபமாக வந்தது. ஆனால் ஒரு நாள்கூட என்னை விட்டுவிட்டுப் போனதில்லை.

வெள்ளிக்கிழமை வருகிறாய்தானே? ஈப்போவில் கடைசி பஸ்ஸைப் பிடித்தால், ஏறும்போதே சிம்பாங் என்று சொல்லிவிடு. இப்போது அங்கே விளக்கு இருக்கிறது. ஆனால் பால்மரம் போய்ச் செம்பனை வந்துவிட்டதால் உனக்கே இடம் பிடிபடாது. அப்பா மோட்டாரோடு கொட்டகை ஓரம் நிற்பார். நெத்திலி சம்பல் செய்து வைக்கிறேன்.

அம்மா