சரக்கை இறக்கிக்கொள்வது வேறு, ஏற்றுக்கொள்வது வேறு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழில் வெளியான சிறு வணிகர்களுக்கான கட்டுரையில், லாரி ரசீதில் கையெழுத்திட்டுச் சரக்கை இறக்கிவிட்டால் அதன்பின் திருப்பித் தர வழியில்லை என்று எழுதப்பட்டிருந்தது. இருபது ஆண்டுகளாக மளிகைக் கடை நடத்தி வருபவன் என்ற முறையில் அதைத் திருத்த விரும்புகிறேன். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நம்பியிருந்தேன்.

தரகர் காட்டிய துவரம்பருப்பு மாதிரியைப் பார்த்து, ஒரு மொத்த வியாபாரியிடம் 50 கிலோ மூட்டைகளாக 40 மூட்டை வாங்கினேன். மாதிரியில் பருப்பு பருமனாக, உடையாமல் இருந்தது. சரக்கு வந்த அன்று கடையில் கூட்டம் அதிகம் என்பதால், மேலாக இருந்த ஒரு மூட்டையின் வாயைப் பிரித்துப் பார்த்துவிட்டு இறக்கச் சொன்னேன். நான்கைந்து நாட்களில் மூன்று மூட்டைகள் விற்றுத் தீர்ந்தன. வாடிக்கையாளர் ஒருவர் குறை சொன்ன பிறகுதான் மீதி மூட்டைகளைக் குத்தூசியால் நடுவிலும் அடியிலும் குத்திப் பார்த்தேன். பெரும்பாலானவற்றில் பாதிக்கு மேல் குருணையாக இருந்தது.

1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், 17ஆம் பிரிவில், மாதிரி காட்டி விற்கும்போது மொத்தச் சரக்கும் தரத்தில் மாதிரியோடு ஒத்திருக்க வேண்டும் என்றும், இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க வாங்குபவருக்கு நியாயமான வாய்ப்பு தரப்பட வேண்டும் என்றும் சொல்கிறது. முன்பே பார்க்காத சரக்கு கைக்கு வந்தால், சோதித்துப் பார்க்க நியாயமான வாய்ப்பு கிடைக்கும்வரை அதை ஏற்றுக்கொண்டதாகக் கருதக்கூடாது என்பது 41ஆம் பிரிவு. ஆகவே லாரிக்காரரிடம் இடும் கையெழுத்து மூட்டைகள் வந்து சேர்ந்தன என்பதற்குச் சான்றாகுமே தவிர, தரத்தை ஒப்புக்கொண்டதற்குச் சான்றாகாது.

கையெழுத்திட்டதால் எனக்குக் கேடு வரவில்லை, விற்றதால்தான் வந்தது. சரக்கு கைக்கு வந்தபின், அது இன்னும் விற்றவருடையதுதான் என்ற நிலைக்கு ஒவ்வாத எந்தச் செயலை வாங்கியவர் செய்தாலும், அவர் அதை ஏற்றுக்கொண்டவர் ஆகிறார் என்கிறது 42ஆம் பிரிவு. ஒரே ஒப்பந்தமாக வாங்கிய சரக்கில் ஒரு பகுதியை ஏற்றுக்கொண்டாலும், 13ஆம் பிரிவின்படி முழுவதையும் நிராகரிக்கும் உரிமை போய்விடுகிறது; தரக்குறைவுக்கு ஈடு கேட்கும் உரிமை மட்டுமே மிஞ்சும். மூன்று மூட்டைகளை விற்றிருந்த நான், பல நாள் பேச்சுக்குப் பிறகு கிலோவுக்கு 4 ரூபாய் வீதம் 8,000 ரூபாய் குறைத்துக்கொண்டு, அந்தக் குருணைப் பருப்பையே விற்க வேண்டியதாயிற்று.

சரக்கைப் பிரிக்காமல் அப்படியே வேறு ஊருக்கு அனுப்புவோர் இங்கிலாந்தின் 1893ஆம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுப்பில் வெளியான பெர்கின்ஸ் எதிர் பெல் வழக்கை அறிந்திருப்பது நல்லது. மாதிரி பார்த்து வாங்கிய பார்லியை ரயில் நிலையத்தில் பெற்ற வணிகர், அதை மதுபான ஆலைக்கு அனுப்பிவிட்டார். ஆலை மறுத்தபின் அவர் விற்றவரிடம் திருப்ப முயன்றார். வேறு ஏற்பாடு இல்லாதபோது சரக்கு ஒப்படைக்கப்படும் இடமே சோதிக்கும் இடம் என்று கூறி, நீதிமன்றம் அதை அனுமதிக்கவில்லை.

மாதிரியோடு ஒத்திருந்தால் மட்டும் போதும் என்று நினைப்பதும் தவறு. கடுகு இனத்தைச் சேர்ந்த ரேப் விதையின் எண்ணெய் என்ற பெயரில், மாதிரிக்குச் சமம் என்ற உறுதியோடு விற்கப்பட்ட எண்ணெய் பற்றிய நிக்கோல் எதிர் காட்ஸ் வழக்கில் (1854), வந்த சரக்கு மாதிரியை ஒத்தே இருந்தது. ஆனால் அதில் சணல் விதை எண்ணெய் கலந்திருந்ததால், வாங்கியவர் அதை ஏற்கத் தேவையில்லை என்று தீர்ப்பாயிற்று. நம் சட்டத்தின் 15ஆம் பிரிவும், மாதிரியும் விவரிப்பும் சேர்ந்த விற்பனையில் சரக்கு இரண்டுக்கும் பொருந்த வேண்டும் என்றே சொல்கிறது. எனவே ரகத்தின் பெயரை ஆர்டரிலேயே எழுதி வாங்குவது வீண் வேலையன்று.

இந்த உரிமைகளை வெளிப்படையான உடன்பாட்டாலோ வணிக வழக்கத்தாலோ மாற்றிக்கொள்ள 62ஆம் பிரிவு இடம் தருகிறது. ஆகையால் 'விற்ற சரக்கு திரும்பப் பெறப்படாது' என்பது போன்ற நிபந்தனை உள்ளதா என்பதை ஆர்டர் கொடுக்கும் முன்பே பார்த்துவிட வேண்டும்.

இப்போது நான் மாதிரியை இரண்டு பொட்டலமாகக் கட்டி, தரகரும் நானும் கையெழுத்திட்டு ஆளுக்கொன்று வைத்துக்கொள்கிறோம். லாரி வந்ததும் பல மூட்டைகளில் மேல், நடு, அடி என்று குத்தி எடுத்துப் பொட்டலத்தோடு ஒப்பிடுகிறேன். அது முடியும்வரை ஒரு கிலோகூட விற்பதில்லை. குறை கண்டால் அன்றே எழுத்தில் தெரிவிக்கிறேன், ஏனெனில் நியாயமான காலம் கடந்தும் பேசாமல் வைத்திருப்பதும் ஏற்றுக்கொண்டதாகிவிடும். நிராகரித்த சரக்கை நம் செலவில் திருப்பி அனுப்ப வேண்டியதில்லை, மறுப்பைத் தெரிவித்தாலே போதும் என்று 43ஆம் பிரிவு சொல்கிறது. வேறு உடன்பாடு இல்லாவிட்டால், வண்டி பிடித்து எடுத்துச் செல்வது விற்றவரின் பொறுப்பு.

இப்படிக்கு,
மளிகை வணிகர் ஒருவர், ஈரோடு